ஆடிட்டர் சான்றிதழில் உள்ள யூடின் எண்ணை வைத்து வங்கியும் தூதரகமும் என்ன பார்க்கிறார்கள்?

கேள்வி: மகள் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போகிறாள். கல்விக் கடனுக்கும் விசாவுக்கும் சேர்த்து ஆடிட்டரிடம் நெட்வொர்த் சர்டிஃபிகேட் வாங்கியிருக்கிறேன். கையெழுத்துக்குக் கீழே மெம்பர்ஷிப் நம்பரும், யூடின் என்று ஒரு நீளமான நம்பரும் இருக்கின்றன. வங்கியும் தூதரகமும் இதை வைத்து எப்படிச் சரிபார்ப்பார்கள்? அவர்களுக்கு முன்னால் நானே பார்த்துவிட முடியுமா?

பதில்:

முடியும். ஐந்து நிமிட வேலைதான். கொடுப்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடுவது நல்லதும்கூட. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் பயன்.

முதலில் மெம்பர்ஷிப் நம்பர். இது இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், அதாவது ஐ.சி.ஏ.ஐ., ஒவ்வொரு உறுப்பினருக்கும் கொடுக்கும் ஆறு இலக்க எண். ஆளுக்கு ஒன்று, ஆயுளுக்கும் அதுதான். நம் ஊரில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் சி.ஏ.வாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல ஊர்களில் கணக்கு எழுதுபவர் ஒருவர், கையெழுத்துப் போடும் சி.ஏ. வேறொருவர். நீங்கள் பேசிப் பழகியது முதலாமவரிடம், சான்றிதழில் இருப்பது இரண்டாமவர் பெயர். இதில் தவறு ஒன்றும் இல்லை, அந்த சி.ஏ. ஆவணங்களைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்றால். ஆனால் வங்கி கூப்பிட்டுக் கேட்கப்போவது அவரைத்தான். அவர் பெயரும் ஊருமாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெம்பர்ஷிப் நம்பர் மட்டும் இருந்தால் போதாது. சி.ஏ. படித்து உறுப்பினராகி, ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் அந்த எண் உண்டு. வெளியாருக்குச் சான்றிதழ் கொடுக்க, தொழில் நடத்துவதற்கான தனி அனுமதி வேண்டும். அதை சி.ஓ.பி. என்பார்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஐ.சி.ஏ.ஐ.யின் தளத்தில் தனித்தனியாக எடுக்கும் எண்தான் யூடின்; முழுநேர சி.ஓ.பி. வைத்திருப்பவர்தான் அதை எடுக்க முடியும். எனவே ஐ.சி.ஏ.ஐ. இணையதளத்தில் உறுப்பினரைத் தேடும் பக்கத்தில் இந்த எண்ணைப் போட்டு, பெயர் ஒத்துப்போகிறதா, சி.ஓ.பி. இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வங்கியில் இது முதல் படி.

மெம்பர்ஷிப் நம்பர் ஒன்றும் ரகசியம் இல்லை. அவர் கையெழுத்திட்ட எல்லாத் தாளிலும் இருக்கும். ஒரு லெட்டர்ஹெட்டும் ரப்பர் ஸ்டாம்பும் செய்துகொண்டால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் சான்றிதழ் அடித்துவிடலாம். அடித்தும் கொண்டிருந்தார்கள். இதற்காகத்தான் யூடின் வந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் எல்லாச் சான்றிதழ்களுக்கும் இது கட்டாயம். வரித் தணிக்கைக்கு அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல், மற்றத் தணிக்கை அறிக்கைகளுக்கு ஜூலை 1 முதல்.

யூடினில் 18 எழுத்துகளும் எண்களும் கலந்திருக்கும். பார்க்க ஏதோ குலுக்கிப் போட்டதுபோல இருந்தாலும் அதற்கு ஓர் அமைப்பு உண்டு. மாதிரிக்கு ஒன்று தருகிறேன். உறுப்பினர் எண் வரும் இடத்தில் யாருடைய எண்ணும் வேண்டாம் என்று பூஜ்ஜியங்களைப் போட்டிருக்கிறேன்:

```
25000000BMQOKI0417
```

முதல் இரண்டு இலக்கம் (25) யூடின் எடுத்த ஆண்டு. அடுத்த ஆறு உறுப்பினர் எண். அதற்கடுத்து ஆறு ஆங்கில எழுத்துகள், கடைசியில் நான்கு எண்கள். இந்தப் பத்தையும் கணினியே உருவாக்கும்.

இது தெரிந்தால் தாளைப் பார்த்தவுடனே சிலவற்றைப் பிடித்துவிடலாம். கையெழுத்துக்குக் கீழே இருக்கும் மெம்பர்ஷிப் நம்பரும் யூடினின் மூன்றாவது இலக்கம் முதல் எட்டாவது வரை உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் இணையதளத்துக்கே போக வேண்டாம், அங்கேயே ஏதோ தவறு. மூத்த சி.ஏ.க்களுக்கு ஐந்து இலக்க எண் இருக்கும், யூடினில் அதற்கு முன்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்ந்துவரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொரு பயன், வட்டம் ஒன்று இருந்தால் அது O எழுத்தா பூஜ்ஜியமா என்ற குழப்பம் தீரும். ஒன்பதாவது முதல் பதினான்காவது இடம் வரை இருப்பவை எழுத்துகள். அங்கே வட்டம் இருந்தால் O, நேர்கோடு இருந்தால் I. கடைசி நான்கில் வட்டம் இருந்தால் பூஜ்ஜியம். யூடினைப் பேனாவால் எழுதித் தருவதற்கும் அனுமதி உண்டு. அப்படி எழுதிய தாளை ஸ்கேன் செய்து அனுப்பும்போது, வங்கியில் ஒருவர் O-வுக்குப் பதிலாக 0 அடித்து, ‘இந்த யூடின் இல்லை’ என்று வந்து, விண்ணப்பம் அப்படியே கிடக்கும். இது அடிக்கடி நடப்பது. முடிந்தால் அச்சடித்தே வாங்குங்கள்.

சரி, இப்போது சரிபார்க்கும் விதம். udin.icai.org என்ற தளத்தில், உள்ளே நுழையக் கணக்கு எதுவும் இல்லாமலே யூடினைச் சரிபார்க்கும் பகுதி இருக்கிறது. நீங்கள் யார், வங்கியா, அரசு அலுவலகமா, மற்றவரா என்று கேட்கும். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் கேட்கும். யூடினை அடித்து, வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் விவரம் திறக்கும். வங்கி மேலாளருக்கு ஒரு பக்கம், உங்களுக்கு வேறு பக்கம் என்றெல்லாம் கிடையாது. தூதரக அதிகாரி பார்ப்பதும் இதே பக்கம்தான்.

அங்கே என்ன தெரியும் என்பதில்தான் பலருக்குத் தவறான எண்ணம். சான்றிதழின் நகல் அங்கே இருக்காது. யூடின் எடுக்கும்போது சி.ஏ. எந்தத் தாளையும் ஏற்றுவதில்லை. உங்கள் பெயரைப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. வாடிக்கையாளர் ரகசியம் காக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். அவர் பதிவது ஆவணத்தின் வகை, கையெழுத்திட்ட தேதி, சான்றிதழில் உள்ள முக்கியத் தொகைகள் அல்லது விவரங்களில் மூன்று, ஆவணத்தைப் பற்றி ஒரு வரி. திரையில் தெரிவதும் அவ்வளவுதான். கூடவே சி.ஏ.வின் பெயரும், யூடின் நடப்பில் இருக்கிறதா, ரத்தானதா என்ற நிலையும்.

ஆகவே, ‘யூடின் அடித்தேன், வந்தது’ என்பதோடு நிறுத்துபவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். வேறொருவருடைய உண்மையான சான்றிதழிலிருந்து யூடினை எடுத்து இந்தத் தாளில் ஒட்டியிருந்தாலும் திரையில் சி.ஏ. பெயர் சரியாகவே வரும். திரையில் உள்ள தேதியையும் மூன்று தொகைகளையும் கையில் உள்ள தாளோடு வைத்துப் பார்த்தால்தான் அது இந்தத் தாளுக்கு எடுத்த யூடினா என்று தெரியும். அனுபவமுள்ள கடன் பிரிவு அதிகாரி முதலில் பார்ப்பது அந்தத் தொகைகளைத்தான்.

ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். 2025 மார்ச் 31 நிலவரப்படி ஒரு தந்தையின் சொத்து: வீடு 95 லட்சம், காலி மனை 62 லட்சம், எஃப்.டி. 24 லட்சம், நகை 11 லட்சம். மொத்தம் 1 கோடியே 92 லட்சம். வீட்டுக் கடன் பாக்கி 27 லட்சம். நெட்வொர்த் 1 கோடியே 65 லட்சம். சி.ஏ. ஜூன் 12 அன்று கையெழுத்திடுகிறார். யூடினில் மூன்று விவரம் பதிகிறார்: மொத்தச் சொத்து 1,92,00,000, கடன் 27,00,000, நெட்வொர்த் 1,65,00,000. கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாள் வரை யூடின் எடுக்கலாம், அதாவது ஆகஸ்ட் 11 வரை. ஆனால் அது வரை உங்கள் கையில் இருக்கும் தாளில் எண் இருக்காது. யூடின் இல்லாத சான்றிதழை வங்கி இப்போது வாங்குவதில்லை. அதனால் கையெழுத்தும் எண்ணும் ஒரே நாளில் இருப்பது நல்லது. ஒருவர் டிசம்பர் கடைசியில் கையெழுத்திட்டு ஜனவரியில் எண் எடுத்தால், 2025-ஆம் ஆண்டுத் தேதியிட்ட தாளில் 26 என்று தொடங்கும் யூடின் இருக்கும். அது போலி இல்லை.

இனி வழக்கமாக நடக்கும் கோளாறு. தாளை வாங்கிப்போன பிறகு வீட்டில் யாரோ சொல்கிறார்கள், ‘அம்மா பெயரில் இருக்கிற தோட்டத்தைச் சேர்க்கவே இல்லையே, 15 லட்சம் வருமே’ என்று. தந்தை ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்கிறார். அங்கிருக்கும் உதவியாளர் கணினியில் இருக்கும் பழைய கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்து, மொத்தத்தை மாற்றி, நெட்வொர்த்தை 1 கோடியே 80 லட்சமாக்கி, புதுத் தாள் அடித்துக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார். கீழே இருந்த யூடின் அப்படியே நின்றுவிடுகிறது.

வங்கியில் திரையில் 1,65,00,000. தாளில் 1,80,00,000. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தொகையைத் திருத்திய போலிச் சான்றிதழ். சி.ஏ.வே கையெழுத்திட்டிருந்தாலும் தோற்றம் அதுதான். ஒருமுறை எடுத்த யூடினில் தொகையைத் திருத்த வழி கிடையாது. சி.ஏ. காரணம் எழுதிப் பழையதை ரத்து செய்துவிட்டு, புதுத் தாளுக்குப் புது யூடின் எடுக்க வேண்டும். ரத்து செய்த பிறகு பழைய எண்ணை யார் தேடினாலும் ரத்தானது என்றே வரும். அதனால் பழைய நகல்களை எங்கே கொடுத்தீர்களோ அங்கெல்லாம் புதியதை மாற்றிக்கொடுத்துவிட வேண்டும். ஒரு நகல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, மறந்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். (அம்மாவின் தோட்டத்தை அப்பாவின் நெட்வொர்த்தில் சேர்ப்பதே சரியில்லை. அவர் பெயரில் தனிச் சான்றிதழ் வாங்கலாம், அல்லது இருவருக்கும் தனித்தனிப் பத்தி போட்டு ஒரே சான்றிதழாக வாங்கலாம்.)

வங்கிக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று என்று இரண்டு வாங்குகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் தனித்தனி யூடின் வேண்டும். யாருக்கு என்ற முகவரி மட்டும்தான் வேறு, தொகை ஒன்றுதானே என்று ஒரே எண்ணைப் போடக்கூடாது. ஒரே சான்றிதழை நகல் எடுத்து இரண்டு இடத்தில் கொடுப்பது வேறு, அதில் சிக்கல் இல்லை. தூதரகத்துக்கான தாளில் டாலர் மதிப்பும் கேட்பார்கள். டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் மேலே சொன்ன தொகை ஏறத்தாழ 1,91,860 டாலர். எந்தத் தேதி மாற்று விகிதம் என்று தாளிலேயே எழுதியிருக்க வேண்டும், ரூபாய்த் தொகையும் பக்கத்தில் இருக்க வேண்டும். தளத்தில் ரூபாய்தான் பதிந்திருக்கிறது, தாளில் டாலர் மட்டும் இருக்கிறது என்றால் பார்ப்பவர் ஒப்பிட எதுவும் இல்லாமல் போகும்.

அடுத்த படி, தொலைபேசி. தொகை பெரிதாக இருந்தாலோ சந்தேகம் வந்தாலோ வங்கி நேரடியாக சி.ஏ.வைக் கேட்கும். கவனமான அதிகாரி லெட்டர்ஹெட்டில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட மாட்டார். போலித் தாள் அடித்தவன் தன் கூட்டாளியின் எண்ணைத்தானே அங்கே போட்டிருப்பான். வேறு வழியில் அலுவலகத்தின் எண்ணையோ மின்னஞ்சலையோ எடுத்து, சான்றிதழின் ஸ்கேனை அனுப்பி, ‘இது நீங்கள் கொடுத்ததா’ என்று எழுதிக் கேட்பார்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல், தொழில்முறையில் தெரிந்துகொண்ட விவரத்தை வெளியாருக்குச் சொல்வது பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஒழுங்கு மீறல். அதனால் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாரோ கூப்பிட்டுத் தொகை கேட்டால், ஜாக்கிரதையான சி.ஏ. எதுவும் சொல்ல மாட்டார். அவர் தயங்குவதைப் பார்த்து வங்கியோ தூதரகமோ வேறு மாதிரி எழுதிக்கொள்ளும். சான்றிதழ் வாங்கும்போதே, ‘இந்த யூடின் எண்ணுள்ள சான்றிதழைப் பற்றி இன்ன வங்கியும் இன்ன தூதரகமும் கேட்டால் உறுதிசெய்யலாம்’ என்று அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். இரண்டு வரி போதும்.

தூதரகம் இதையெல்லாம் செய்யுமா என்று கேட்டால், எல்லோருக்கும் செய்யாது. அமெரிக்க மாணவர் விசா நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் அதிகாரி தாளைக் கேட்கவே மாட்டார். கேட்டாலும் வங்கி இருப்பு, கடன் ஒப்புதல் கடிதம் இவற்றைத்தான் முதலில் பார்ப்பார்; நெட்வொர்த் சான்றிதழ் பின்னணிக்குத்தான். வீடும் மனையும் கல்விக் கட்டணம் கட்டாது என்பது அவருக்கும் தெரியும். மேலே சொன்ன கணக்கில் உடனே எடுக்கக்கூடியது எஃப்.டி. 24 லட்சம் மட்டும்தான். ஆகவே 1 கோடியே 65 லட்சம் என்ற பெரிய எண்ணைக் காட்டுவதைவிட, எது ரொக்கம், எது அசையாச் சொத்து என்று பிரித்துக் காட்டும் சான்றிதழ் அங்கே எடுபடும்.

சந்தேகம் வந்தால் மட்டும் கதை மாறும். அமெரிக்கத் தூதரகங்களில் மோசடியைக் கண்டுபிடிக்கவே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே உள்ளூர் ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யூடின் தளமும் தெரியும், நம் ஊர் ஆடிட்டருக்குத் தமிழில் போன் செய்யவும் தெரியும். அங்கே போலி என்று உறுதியானால் விசா மறுப்போடு முடியாது. பொய்யான ஆவணம் கொடுத்ததற்கு அமெரிக்கச் சட்டத்தில் நிரந்தரத் தகுதியிழப்பு, கனடாவில் ஐந்து ஆண்டுத் தடை. தாள் கொடுத்தது ஏஜென்டுதான், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது கடினம். ‘சி.ஏ. சான்றிதழ் நாங்களே ஏற்பாடு செய்துவிடுவோம், ஆவணம் எதுவும் வேண்டாம்’ என்று சொல்லும் ஏஜென்டிடம் வாங்கியவர்கள் கட்டாயம் யூடினைத் தேடிப் பார்த்துவிடுங்கள். உங்கள் பத்திரத்தையும் பாஸ்புக்கையும் பார்க்காமல் ஒரு சி.ஏ. எந்தத் தொகையைப் பதிந்திருப்பார்?

யூடின் சரியாக வந்துவிட்டால் சொத்து மதிப்பு உண்மை என்று ஆகிவிடுமா? ஆகாது. இன்ன உறுப்பினர், இன்ன தேதியில், இந்தத் தொகைகளோடு ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டதாகப் பதிந்திருக்கிறார் என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். மனையின் மதிப்பை சி.ஏ. தானாக முடிவு செய்வதில்லை. மதிப்பீட்டாளர் அறிக்கையையோ அரசு வழிகாட்டி மதிப்பையோ எடுத்துக்கொண்டு, எதன் அடிப்படையில் என்று எழுதுவார். வங்கி அதையும் நம்பிவிடாது. அடமானம் வைக்கும் சொத்துக்குத் தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்பும், வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டும், வருமானத்தை ஐ.டி. ரிட்டர்னோடு ஒப்பிடும். சான்றிதழில் எஃப்.டி. 24 லட்சம், ரிட்டர்னில் வட்டி வருமானமே காட்டவில்லை என்றால் கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு யூடினில் பதில் கிடையாது, உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

இன்று மாலை சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். யூடினுக்குள் இருக்கும் ஆறு இலக்கம் மெம்பர்ஷிப் நம்பரோடு பொருந்துகிறதா, தளத்தில் வரும் பெயர், தேதி, மூன்று தொகை எல்லாம் தாளோடு ஒத்துப்போகின்றனவா, ஆவண வகை நெட்வொர்த் சான்றிதழ் என்றே இருக்கிறதா என்று பாருங்கள். சில அலுவலகங்களில் அவசரத்தில் வேறு வகையைத் தேர்ந்துவிடுவார்கள், தொகைக்குப் பதில் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். விதிப்படி தொகையே இல்லாத சான்றிதழுக்கு அது சரி, நெட்வொர்த்துக்குச் சரியில்லை. அப்படி இருந்தால் ஆடிட்டரிடம் சொல்லி ரத்து செய்து புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். அவருக்கும் பின்னால் வரும் தலைவலி குறையும்.

திரையில் வந்த விவரத்தை ஒரு பிரின்ட் எடுத்து, சான்றிதழோடு பின் செய்தே வங்கியில் கொடுக்கலாம். அவர்கள் அதை நம்பாமல் தாங்களே மறுபடி தேடுவார்கள், தேட வேண்டியதும் அவர்கள் கடமை. ஆனால் எண்ணைத் தவறாக அடிக்க மாட்டார்கள்.